நடுப்புள்ளி முறையில் இரண்டு படிகள்: y' = −2xy² என்ற சமன்பாட்டைக் கையால் தீர்ப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்லர் முறை தெரியும். நடுப்புள்ளி முறை அதிலிருந்து எங்கே விலகுகிறது?

ஆய்லர் முறையில் ஒரு படியின் தொடக்கத்தில் உள்ள சாய்வைக் கணக்கிட்டு, அதே சாய்வோடு படியின் முழு நீளத்தையும் நேர்க்கோடாகக் கடக்கிறோம். வளைகோடு போகப் போகத் திரும்பிக்கொண்டே இருக்கும். நாம் மட்டும் புறப்பட்ட திசையிலேயே போய்க்கொண்டிருப்போம். நடுப்புள்ளி முறையில் முதலில் பாதிப் படி மட்டும் ஆய்லர் முறைப்படி சென்று, அங்கு நிலவும் சாய்வை அளந்துகொள்கிறோம். பிறகு மீண்டும் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி, அந்த நடுவழிச் சாய்வைக் கொண்டு முழுப் படியையும் எடுத்து வைக்கிறோம். சமன்பாடு y' = f(x, y) என்றும் படி நீளம் h என்றும் இருந்தால், ஒரு படிக்கான வாய்பாடு இது:

```
k1    = f(xn, yn)
ynadu = yn + (h/2)·k1
k2    = f(xn + h/2, ynadu)
yn+1  = yn + h·k2
```

இதில் கவனத்தில் பதிய வேண்டியது கடைசி வரி. அங்கே கூட்டல் yn என்பதிலிருந்து தொடங்குகிறதே தவிர, ynadu என்பதிலிருந்து தொடங்கவில்லை. நடுப்புள்ளிக்குப் போனது சாய்வைப் பார்த்து வருவதற்காக மட்டுமே.

சாய்வை ஏன் சரியாக நடுவில் எடுக்க வேண்டும்? முடிவில் எடுத்தால் என்ன?

பரவளையத்திற்கு ஓர் அழகான பண்பு உண்டு. y = ax² + bx + c என்ற பரவளையத்தின் மேல் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்து நாண் வரைந்தாலும், அந்த நாணின் சாய்வும், இரு புள்ளிகளின் x மதிப்புகளுக்குச் சரிநடுவில் உள்ள தொடுகோட்டின் சாய்வும் ஒன்றாகவே இருக்கும். தொடக்கத்திலோ முடிவிலோ எடுத்த தொடுகோட்டிற்கு இந்தப் பொருத்தம் கிடையாது. நமக்கு உண்மையில் தேவைப்படுவது நாணின் சாய்வுதான், ஏனெனில் அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த புள்ளியைத் துல்லியமாக அடைந்துவிடலாம். தீர்வு வளைகோடு ஒரு சிறிய படிக்குள் ஏறத்தாழப் பரவளையம் போலவே நடந்துகொள்வதால், நடுச்சாய்வு நாண்சாய்வுக்கு மிக அருகில் அமைகிறது.

நடுப்புள்ளியின் y மதிப்பையே ஆய்லர் முறையால் தோராயமாகத்தானே பெறுகிறோம், அந்தப் பிழை எல்லாவற்றையும் கெடுத்துவிடாதா என்ற ஐயம் இங்கே நியாயமாக எழும். அந்தப் பிழை h² அளவில் உள்ளது. அது k2 வழியாக நுழைந்து கடைசி வரியில் மீண்டும் h ஆல் பெருக்கப்படுவதால், ஒரு படியின் முடிவில் h³ அளவிற்குச் சுருங்கிவிடுகிறது. பரவளையம் என்று கொண்டதால் வரும் பிழையும் அதே h³ அளவில் இருப்பதால், நடுப்புள்ளியை இன்னும் நுட்பமாகக் கண்டுபிடிப்பதால் இந்த முறையின் வரிசை உயர்வதில்லை.

இதற்கு எத்தனை பெயர்கள்? ஒரு புத்தகத்தில் உள்ள வாய்பாடு இன்னொன்றில் வேறு பெயரில் இருக்கிறதே?

பெயர்க் குழப்பம் உண்மைதான். நம் கல்லூரிப் பாடநூல்கள் சிலவற்றில் மேலே தந்த வாய்பாடு ‘மாடிஃபைடு ஆய்லர்’ என்றும், படியின் இரு முனைகளிலும் உள்ள சாய்வுகளின் சராசரியைப் பயன்படுத்தும் வாய்பாடு ‘இம்ப்ரூவ்டு ஆய்லர்’ என்றும் வழங்குகின்றன. வேறு சில நூல்களில் சராசரி எடுக்கும் முறையே ‘மாடிஃபைடு ஆய்லர்’ எனப்படுகிறது. கார்ல் ருங்கே 1895-இல் வெளியிட்ட கட்டுரையில் நடுப்புள்ளி வாய்பாடு இடம்பெற்றது. கார்ல் ஹொயன் 1900-இலும், வில்ஹெல்ம் குட்டா 1901-இலும் அதே வழியில் தொடர்ந்தார்கள். அதனால் இதை இரண்டாம் வரிசை ருங்கே–குட்டா முறைகளுள் ஒன்றாகவும் குறிப்பிடுவார்கள். தேர்வில் பெயர் மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால், உங்கள் பாடத்திட்ட நூல் அந்தப் பெயருக்குத் தரும் வாய்பாட்டை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிட்டுத் தொடங்குவது பாதுகாப்பானது.

செய்து காட்ட எந்தச் சமன்பாடு பொருத்தமானது?

நான் வகுப்பில் பயன்படுத்துவது y' = −2xy², y(0) = 1 என்பதை. மாறிகளைப் பிரித்து எழுதினால் dy/y² = −2x dx ஆகும். இருபுறமும் தொகையிட்டால் −1/y = −x² + C கிடைக்கும். தொடக்க நிபந்தனையிலிருந்து C = −1 என்பதால், சரியான தீர்வு y = 1/(1 + x²).

இதைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள் உண்டு. சரியான மதிப்பைப் பெற ஒரு வகுத்தல் போதும், அடுக்குக்குறி அட்டவணையோ மடக்கையோ தேவையில்லை. அதைவிட முக்கியமாக, பாடநூல்களில் அடிக்கடி வரும் y' = x + y என்ற எடுத்துக்காட்டில் நடுப்புள்ளி முறையும் சராசரிச் சாய்வு முறையும் கடைசித் தசமம் வரை ஒரே விடையைத் தருகின்றன, ஏனெனில் அங்கே f என்பது x-இலும் y-இலும் நேரியல் கோவை. தவறான வாய்பாட்டைப் பயன்படுத்திய மாணவருக்கும் அங்கே சரியான விடை வந்துவிடும். நம் சமன்பாட்டில் y² இருப்பதால் அப்படி நேராது.

h = 0.2 என்று கொண்டு முதல் படியைச் செய்து காட்ட முடியுமா?

தொடக்கம் x = 0, y = 1.

```
k1    = −2(0)(1)²        = 0
ynadu = 1 + 0.1(0)       = 1
k2    = −2(0.1)(1)²      = −0.2
y1    = 1 + 0.2(−0.2)    = 0.96
```

x = 0.2 என்ற இடத்தில் சரியான மதிப்பு 1/1.04 = 0.961538. ஆகவே பிழை 0.001538.

தொடக்கச் சாய்வு சுழியாக இருப்பதைக் கவனியுங்கள். ஆய்லர் முறை அந்தச் சுழியை நம்பி, y = 1 என்ற இடத்தை விட்டு நகராமலே 0.2 தூரம் போய்விடுகிறது. அதன் பிழை 0.038462. நடுவில் ஒருமுறை சாய்வைப் பார்த்ததனால் மட்டுமே நாம் வளைகோடு இறங்கத் தொடங்கியதைக் கண்டுகொண்டோம்.

இரண்டாம் படியில் எந்த மதிப்பிலிருந்து தொடங்க வேண்டும்: 0.96 என்பதிலிருந்தா, சரியான மதிப்பிலிருந்தா?

நாம் கணக்கிட்ட 0.96 என்பதிலிருந்துதான். உண்மையான பயன்பாட்டில் சரியான மதிப்பு நம் கையில் இருக்காது. இருந்தால் இந்த முறையே தேவைப்படாது.

```
k1    = −2(0.2)(0.96)²              = −0.4 × 0.921600 = −0.368640
ynadu = 0.96 + 0.1(−0.368640)       = 0.923136
k2    = −2(0.3)(0.923136)²          = −0.6 × 0.852180 = −0.511308
y2    = 0.96 + 0.2(−0.511308)       = 0.857738
```

x = 0.4 என்ற இடத்தில் சரியான மதிப்பு 1/1.16 = 0.862069. பிழை 0.004331. ஒப்பிட்டுப் பார்க்க, ஆய்லர் முறையின் இரண்டாம் படி 1 + 0.2(−0.4) = 0.92 என்று முடிகிறது. அதன் பிழை 0.057931, அதாவது நம்முடையதைப் போல ஏறத்தாழ 13 மடங்கு. உங்கள் தாளில் 0.858962 என்ற விடை வந்திருந்தால், இரண்டாம் படியை 0.96-க்குப் பதிலாக 0.961538 என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள்.

முதல் படியில் பிழை 0.0015, இரண்டாம் படியில் 0.0043. இரண்டு மடங்குதானே ஆக வேண்டும், ஏன் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆனது?

இரண்டாம் படியின் முடிவில் உள்ள பிழை இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, முதல் படி விட்டுச்சென்றது. மற்றொன்று, இரண்டாம் படி புதிதாகச் சேர்த்தது. இவற்றைப் பிரித்துப் பார்க்க, மேலே சொன்ன 0.858962 என்ற ‘தவறான’ விடையே உதவுகிறது. அது சரியான புள்ளியிலிருந்து தொடங்கி ஒரே ஒரு படி வைத்ததன் விளைவு என்பதால், அதற்கும் 0.862069-க்கும் உள்ள வேறுபாடாகிய 0.003107 முழுவதும் இரண்டாம் படியின் சொந்தப் பிழை. எஞ்சிய 0.001224 முதல் படியிலிருந்து வந்தது.

முதல் படியின் பிழை 0.001538-ஆக இருந்து 0.001224-ஆகக் குறைந்திருப்பதையும் பாருங்கள். இந்தச் சமன்பாட்டின் அண்டைத் தீர்வு வளைகோடுகள் இந்தப் பகுதியில் ஒன்றையொன்று நெருங்கி வருவதால், சற்று விலகிப் புறப்பட்டவரும் அருகே இழுக்கப்படுகிறார். வளைகோடுகள் விலகிச் செல்லும் சமன்பாடுகளில் இதற்கு நேர்மாறாக, பழைய பிழை பெருகிக்கொண்டே போகும்.

இரண்டாம் படியின் சொந்தப் பிழை முதல் படியினுடையதைவிட இரு மடங்கு இருப்பதற்குக் காரணம் முதல் படியில் நமக்கு வாய்த்த ஒரு தற்செயல். 1/(1 + x²) என்பதை விரித்தால் 1 − x² + x⁴ − … என்று வரும். அதில் x³ உறுப்பே இல்லை. நடுப்புள்ளி முறை முதல் படியில் 1 − h² என்பதைத் துல்லியமாகத் தந்துவிடுவதால், விடுபடுவது ஏறத்தாழ h⁴ = 0.0016 மட்டுமே. இரண்டாம் படிக்கு அந்தச் சலுகை கிடையாது. கையால் செய்யும்போது ஒரு படியோடு நிறுத்தக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அடுத்த விடையில் வருகிறது.

வாய்பாட்டில் மாணவர்கள் செய்யும் தவறுகளை விடையைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

சிலவற்றை முடியும், ஒன்றை முடியாது. k2 கணக்கிடும்போது y-ஐ மட்டும் நடுவுக்கு நகர்த்திவிட்டு x-ஐ நகர்த்த மறப்பது மிகப் பரவலான தவறு. நம் சமன்பாட்டில் அப்படிச் செய்தால் முதல் படியிலேயே k2 சுழியாகி y1 = 1 என்று நின்றுவிடும்; ஆகவே உடனே பிடிபடும்.

கடைசி வரியில் yn-க்குப் பதிலாக ynadu-விலிருந்து கூட்டுவது இரண்டாவது தவறு. முதல் படியில் k1 = 0 என்பதால் ynadu-வும் yn-உம் ஒன்றே; எனவே 0.96 என்ற சரியான விடையே வந்து, தவறு மறைந்துகொள்ளும். இரண்டாம் படியில் 0.923136 − 0.102262 = 0.820874 என்று வந்து, சரியான மதிப்பைவிட 0.04 அளவு கீழே இறங்கும்போதுதான் அது வெளிப்படும்.

மூன்றாவதுதான் உண்மையிலேயே ஆபத்தானது. ynadu-வைக் கணக்கிட h/2-க்குப் பதிலாக h-ஐயே பயன்படுத்திவிடுகிறார்கள். முதல் படியில் இதுவும் 0.96 தான் தரும். இரண்டாம் படியில் நடக்கும் கணக்கு இது:

```
ynadu = 0.96 + 0.2(−0.368640)   = 0.886272
k2    = −0.6 × 0.785478         = −0.471287
y2    = 0.96 + 0.2(−0.471287)   = 0.865743
```

சரியான மதிப்பிலிருந்து இதன் விலகல் 0.003674. முறையாகச் செய்தவரின் விலகலோ 0.004331. தவறாகச் செய்தவர் சரியான தீர்வுக்கு அதிக நெருக்கத்தில் இருக்கிறார்! சரியான தீர்வோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து, ‘நெருங்கி வந்துவிட்டது, ஆகவே சரியாகத்தான் செய்திருக்கிறேன்’ என்று முடிவு கட்டுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அப்படியானால் சரியாகச் செய்திருக்கிறோம் என்பதை எப்படித்தான் உறுதி செய்வது?

படி நீளத்தைப் பாதியாக்கி, அதே x-க்கு மறுபடியும் கணக்கிட வேண்டும். நடுப்புள்ளி முறையில் ஒரு படியின் பிழை h³ அளவில் இருக்கிறது. குறிப்பிட்ட ஓர் x வரை செல்ல வேண்டிய படிகளின் எண்ணிக்கை 1/h-க்கு நேர்விகிதத்தில் இருப்பதால், மொத்தப் பிழை h² அளவில் இருக்கும். ஆகவே h பாதியானால் பிழை ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். h = 0.1 என்று கொண்டு நான்கு படிகளில் x = 0.4 வரை சென்றால் கிடைப்பவை:

```
x      கணக்கிட்ட y    சரியான y     பிழை
0.1    0.990000      0.990099     0.000099
0.2    0.961176      0.961538     0.000362
0.3    0.916742      0.917431     0.000689
0.4    0.861104      0.862069     0.000965
```

x = 0.4 என்ற இடத்தில் பிழை 0.004331-இலிருந்து 0.000965-ஆகக் குறைந்திருக்கிறது, விகிதம் 4.5. இன்னும் சிறிய h-களுக்கு அந்த விகிதம் 4-ஐ நோக்கி நெருங்கும்.

இப்போது h/2-க்குப் பதில் h-ஐப் பயன்படுத்திய தவறான கணக்கையும் h = 0.1 என்று கொண்டு செய்தால், x = 0.4 என்ற இடத்தில் 0.866213 கிடைக்கிறது. அதன் விலகல் 0.004144. முன்பு 0.003674 ஆக இருந்தது படியைப் பாதியாக்கியதும் கூடியிருக்கிறது! h = 0.2-இல் கிடைத்த நெருக்கம் வெவ்வேறு பிழைகள் ஒன்றையொன்று தற்செயலாக ஈடுசெய்ததால் வந்ததே தவிர, முறையின் திறனால் வந்ததன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. h = 0.2-இன் முதல் படிப் பிழையாகிய 0.001538-ஐ h = 0.1-இன் முதல் படிப் பிழையாகிய 0.000099-உடன் ஒப்பிட்டு, விகிதம் 15-க்கு மேல் வருகிறதே என்று குழம்பாதீர்கள். அவை வெவ்வேறு x-களில் எடுத்த பிழைகள். போதாக்குறைக்கு, x³ உறுப்பு இல்லாத அந்தத் தற்செயலும் அங்கே கலந்திருக்கிறது.

சரியான தீர்வே தெரியாத சமன்பாட்டில் பிழையை எப்படி மதிப்பிடுவது?

அதே இரண்டு விடைகள் போதும். படி பாதியானதும் பிழை நாலில் ஒரு பங்காகிறது என்றால், இரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாடு சிறிய பிழையைப் போல மூன்று மடங்காக இருக்க வேண்டும். நம் கணக்கில் அந்த வேறுபாடு 0.861104 − 0.857738 = 0.003366, அதை 3-ஆல் வகுத்தால் 0.001122. h = 0.1-இன் உண்மையான பிழை 0.000965 என்பதால், சரியான தீர்வைப் பார்க்காமலேயே ஏற்கத்தக்க மதிப்பீடு கிடைத்துவிட்டது. அந்த 0.001122-ஐ விடையோடு கூட்டினால் 0.862226 வருகிறது, அதன் பிழை 0.000157 மட்டுமே.

சராசரிச் சாய்வு முறையை ஒப்பிட்டால் எது சிறந்தது?

இந்தச் சமன்பாட்டில், h = 0.2 என்று கொண்டால், சராசரிச் சாய்வு முறை முதல் படியில் அதே 0.96-ஐயும் இரண்டாம் படியில் 0.860298-ஐயும் தருகிறது. அதன் பிழை 0.001771, நம்முடையதைவிடக் குறைவு. வேறு சமன்பாடுகளில் நடுப்புள்ளி முறை முந்தும். இரண்டிலும் ஒரு படிக்கு f-ஐ இருமுறைதான் கணக்கிடுகிறோம், இரண்டும் இரண்டாம் வரிசை முறைகளே. ஆகவே ஓர் எடுத்துக்காட்டை வைத்து இவற்றுள் ஒன்றை உயர்ந்தது என்று சொல்ல நான் துணிய மாட்டேன்.

எத்தனை தசம இடங்கள் வைத்துக்கொள்ள வேண்டும்?

எதிர்பார்க்கும் பிழையைவிட இரண்டு இடங்கள் கூடுதலாக வைத்தால் போதும். இங்கே ஆறு இடங்கள் தாராளம். இடையில் மூன்று இடங்களுக்குச் சுருக்கினால் h = 0.2-இன் விடை 0.858 என்று ஏறத்தாழச் சரியாகவே வரும். ஆனால் h = 0.1-இன் பிழை 0.001 அளவில் இருப்பதால், அங்கே சுருக்கலால் வரும் பிழையும் முறையின் பிழையும் கலந்துபோய், பாதியாக்கிச் செய்யும் சோதனை பயனற்றதாகிவிடும்.

h எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? இந்த முறை முற்றிலும் தோற்றுப்போகும் இடம் உண்டா?

உண்டு. y' = −10y, y(0) = 1 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்; அதன் தீர்வு மிக விரைவாகச் சுழியை நோக்கி இறங்குவது. நடுப்புள்ளி முறையின் ஒவ்வொரு படியிலும் y என்பது 1 − 10h + 50h² என்ற எண்ணால் பெருக்கப்படுகிறது. h = 0.1 என்றால் அந்த எண் 0.5, விடை துல்லியமாக இல்லாவிட்டாலும் இறங்குகிறது. h = 0.2 என்றால் அது சரியாக 1. எத்தனை படிகள் வைத்தாலும் விடை 1-ஐ விட்டு நகராது. h = 0.3 என்றால் 2.5, இறங்க வேண்டிய விடை ஒவ்வொரு படியிலும் இரண்டரை மடங்காக ஏறிக்கொண்டே போகும். இப்படி ஏறும் விடையைக் கண்டால் கூட்டல் கழித்தலில் தவறு தேடி நேரத்தை வீணாக்காமல், முதலில் h-ஐக் குறைத்துப் பாருங்கள்.